31ஆம் பக்கத்தில் கிடக்கும் 6.4 லட்சம்

*கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலைக் குழுமத்தில் மூன்று வருடமாக உள் தணிக்கையில் இருக்கிறேன். காலாண்டுக்கு ஒரு அறிக்கை, ஒவ்வொன்றும் நாற்பது ஐம்பது பக்கம். போன மாதம் எம்.டி. அறைக்குப் போனபோது, முந்தைய அறிக்கை கவர்கூடப் பிரிக்காமல் மேசையில் கிடந்தது. துறைத் தலைவர்கள் ‘நோட்டட்’ என்று ஒரு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சுருக்கமாக எழுதலாமா என்று கேட்டால், ‘ஸ்டாண்டர்ட் ஃபார்மட், மாற்ற முடியாது’ என்கிறார் என் மேலாளர். ஒரு பகுதியை இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறது?*

முதலில் ஒரு அவசர வேலை, மற்றதை அப்புறம் பேசலாம். நீங்கள் அனுப்பியதில் 31ஆம் பக்கம், அனெக்ஸர் 4, கடைசி இரண்டு வரிசை. வங்கிக் கணக்கு மாற்றப்பட்ட சப்ளையர்களில் இரண்டு பேரை உங்களால் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்று அங்கே இருக்கிறது. அந்த இரண்டு புதுக் கணக்குக்கும் சேர்த்து ரூ.6.4 லட்சம் போயிருக்கிறது. இது உங்கள் சி.எஃப்.ஓ.வுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் போடுங்கள். இருவருக்கும் அடுத்த பேமென்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள எண்ணிலோ, பர்ச்சேஸ் ஆட்கள் நேரில் போயோ அவர்களைப் பிடிக்க வேண்டும். ‘அது எங்கள் கணக்கே இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே வந்துவிட்டது. அறிக்கையிலேயே பெரிய விஷயம் அதன் வாலில் கிடக்கிறது. எம்.டி. கவரைப் பிரித்திருந்தாலும் 31ஆம் பக்கம் வரை போயிருக்க மாட்டார்.

சரி, இனி அந்தப் பகுதிக்கு வருவோம். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களை மாற்றியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்ததை, கனம் குறையாமல், தமிழில் வைக்கிறேன்:

“வெண்டார் மாஸ்டர் பராமரிப்பு நடைமுறைகளின் மீளாய்வின்போது, வங்கி விவர மாற்றங்கள் தொடர்பான சரிபார்ப்புக் கட்டுப்பாடுகளின் செயல்திறன் போதுமானதாக இல்லை என்பதும், சில நேர்வுகளில் கால்பேக் உறுதிப்படுத்தலுக்கான ஆவணச் சான்று கிடைக்கப்பெறவில்லை என்பதும் கவனிக்கப்பட்டது. இது நிறுவனத்தை நிதி சார்ந்த அபாயங்களுக்கு உட்படுத்தக்கூடும். எனவே கட்டுப்பாட்டுச் சூழலை வலுப்படுத்துமாறு பரிந்துரைக்கப்படுகிறது.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து செய்ய வேண்டிய வேலையும் எதுவும் இல்லை. ‘நோட்டட்’ என்று எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கு வேறு என்ன எழுதுவார்?

நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆரம்ப காலத்தில் ஒரு நிறுவனத்தின் சாயப்பட்டறை ஜாப் ஒர்க் கணக்கைப் பார்த்தேன். போன நூலுக்கும் திரும்பி வந்த நூலுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. 38ஆம் பக்கத்தில் ‘சமரசப்படுத்தப்படாத வேறுபாடுகள் கவனிக்கப்பட்டன’ என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டறையில் நூல் காணாமல் போனது தெரிந்தது. டைரக்டர் கூப்பிட்டு, “நீங்க சொல்லவே இல்லையே” என்றார். நான் பெருமையாக 38ஆம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்து, “இதுக்குப் பேர் சொன்னதா?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நாம் வேலை பார்த்த வரிசையிலேயே எழுதிவிடுகிறோம். எல்லாம் இந்த ஒரு பழக்கத்தில்தான் தொடங்குகிறது. எதைப் பார்க்கப் போனோம், எந்த விதிமுறைப்படி பார்த்தோம், எத்தனை எடுத்தோம், என்ன கிடைத்தது, கடைசியில் என்ன செய்யலாம். ஒர்க்கிங் பேப்பருக்கு அந்த வரிசை சரி. எம்.டி. கேட்பதோ நேர் எதிர் வரிசையில். அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நீங்கள் வாயால் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். “சார், சப்ளையர் பேங்க் அக்கவுண்ட் மாத்துறதுல பிரச்சினை” என்று ஆரம்பித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “பணம் போயிடுச்சா?” இரண்டாவது, “எவ்வளவு?” மூன்றாவது, “இப்ப யாரு என்ன பண்ணணும்?” ஏன் நடந்தது என்பதை அதற்கு அப்புறம்தான் கேட்பார். எத்தனை சாம்பிள் எடுத்தீர்கள் என்று பெரும்பாலும் கேட்கவே மாட்டார்.

உங்கள் பத்தி முதல் கேள்விக்கே பதில் சொல்லவில்லை. ‘நிதி சார்ந்த அபாயங்களுக்கு உட்படுத்தக்கூடும்’ என்றால் போய்விட்டதா, போகலாமா, அல்லது போகவில்லை என்று பார்த்து உறுதி செய்துவிட்டீர்களா? இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிலைமைகள். நீங்களோ சப்ளையர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அந்த உழைப்பு முழுவதும் ‘கூடும்’ என்ற ஒரு சொல்லுக்குள் காணாமல் போய்விட்டது.

இப்போது ‘சில நேர்வுகள்’. உங்கள் அனெக்ஸரைக் கூட்டிப் பார்த்தேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 64 கணக்கு மாற்றங்கள். 23ல் சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்டதற்குப் பதிவே இல்லை. மீதி 41ல் பதிவு இருக்கிறது, ஆகவே அவை சரி என்று தாண்டிவிட்டீர்கள். ஆனால் ‘அழைத்த எண்’ என்று நீங்களே அட்டவணையில் ஒரு நெடுவரிசை போட்டிருக்கிறீர்களே, அதைப் பாருங்கள். 9 மாற்றங்களில் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் கூப்பிட்டது, கணக்கை மாற்றச் சொல்லி வந்த அதே மெயிலின் அடியில் இருந்த எண்ணை. மோசடிக்காரன் மெயில் அனுப்பியிருந்தால் அந்த எண்ணும் அவனுடையதுதானே? “ஆமா சார், எங்க அக்கவுண்ட்தான்” என்று அவனே சொல்லியிருப்பான். அது சரிபார்த்ததாக ஆகாது. 23ம் 9ம் சேர்த்து 32. 64ல் சரிபாதி. இதற்கு ‘சில’ என்று பெயர் வைத்தால் உங்கள் வேலையை நீங்களே குறைத்துச் சொல்கிறீர்கள்.

எண் இருக்கும் இடத்தில் எண்ணையே எழுதுங்கள். மொத்தத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். ‘50 சதவீதம்’ என்பதைவிட ‘64ல் 32’ நேர்மையானது, ஏனென்றால் 2ல் 1ம் 50 சதவீதம்தான். நீங்கள் 64ஐயும் பார்த்ததால் இங்கே சிக்கல் இல்லை. சாம்பிள் எடுத்திருந்தால் ‘312ல் 40 எடுத்துப் பார்த்தோம், அதில் 11’ என்று எழுத வேண்டும். சந்தேகமானவற்றையே பொறுக்கி எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் படிப்பவர் 40ல் 11ஐ வைத்துக்கொண்டு மொத்தத்துக்கும் மனக்கணக்குப் போட்டுவிடுவார்.

நீங்கள் போன் போட்டு, சி.எஃப்.ஓ. பேமென்ட்டை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதினால் அந்தப் பகுதி இப்படி இருக்கும்:

“சப்ளையரின் வங்கிக் கணக்கை மாற்றும்போது, பாதி தடவை அவரிடம் கேட்டு உறுதி செய்ததாகக் காட்ட முடியவில்லை. 2 கணக்குகளுக்குப் போன ரூ.6.4 லட்சம் யாரிடம் சேர்ந்தது என்று இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல்–செப்டம்பரில் 64 சப்ளையர்களின் கணக்கை மாற்றினோம். 23 பேரைக் கூப்பிட்டதற்குப் பதிவே இல்லை. 9 பேரை, மாற்றம் கேட்டு வந்த மெயிலில் இருந்த எண்ணிலேயே கூப்பிட்டோம். இந்த 32 கணக்குகளுக்கும் ரூ.2.1 கோடி செலுத்தியிருக்கிறோம். பழைய ஆர்டர்களில் இருந்த எண்களில் நாங்கள் கூப்பிட்டபோது 30 பேர் தங்கள் கணக்குதான் என்று உறுதி செய்தார்கள். 2 பேர் கிடைக்கவில்லை. அவர்களுக்கான பேமென்ட்டை சி.எஃப்.ஓ. அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டார்.

இப்படி நடக்க இரண்டு காரணங்கள். மாற்றத்தைப் பதிவு செய்பவரே அதற்கு ஒப்புதலும் தர சாஃப்ட்வேர் விடுகிறது. ஜூனில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் விடுப்பில் போனபோது உதவியாளருக்குத் தந்த ஒப்புதல் உரிமையை யாரும் திரும்ப எடுக்கவில்லை. இரண்டாவது, சப்ளையரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் விதிமுறை எந்த எண்ணில் என்று சொல்லவில்லை.”

முதலில் உள்ள தலைப்பையும் அதன் கீழே உள்ள இரண்டு பத்தியையும் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தலைப்பு மட்டும் படித்தாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் அறிக்கையில் இதே இடத்தில் ‘வெண்டார் மாஸ்டர் மேனேஜ்மென்ட்’ என்று தலைப்பு இருக்கிறது. அது கோப்பின் முதுகில் ஒட்டும் லேபிள். தலைப்பில் வினைச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இன்னும் எதையும் சொல்லவில்லை.

காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான அறிக்கைகள் சறுக்கும் இடம் அது. உங்கள் வரைவில் காரணம் என்ற கட்டத்தில் ‘ஊழியர்களிடையே விழிப்புணர்வுக் குறைபாடு’ என்றும், பரிந்துரையில் ‘பயிற்சி அளிக்கலாம்’ என்றும் இருக்கிறது. இந்த ஜோடியை எங்கே பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். காரணம் கிடைக்காதபோதுதான் அந்தக் கட்டத்தில் விழிப்புணர்வு வந்து உட்காரும். உங்கள் 9 பேர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உதவியாளருக்கு விழிப்புணர்வு இல்லாமலா கூப்பிட்டார்? விதிமுறை கூப்பிடச் சொன்னது, கூப்பிட்டார், பதிவும் செய்தார். எந்த எண் என்று விதிமுறையில் இல்லை, கண் முன்னால் மெயிலில் ஒரு எண் இருந்தது. அவருக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தாலும் மூன்றாம் நாள் அதையேதான் செய்வார். விதிமுறையில் ஒரு வரி சேர்த்தால் பிரச்சினை அடங்கிவிடும். காரணத்தை உறுதி செய்ய நான் பார்ப்பது இதைத்தான்: நான் எழுதிய காரணத்தை நீக்கிவிட்டால் தவறு நடப்பது நிற்குமா? நிற்காது என்றால் நான் இன்னும் ஒரு படி கீழே இறங்கிக் கேட்கவில்லை.

அடுத்தது ‘பட்டது’. உங்கள் மூன்று வாக்கியப் பத்தியில் ‘கவனிக்கப்பட்டது’, ‘கிடைக்கப்பெறவில்லை’, ‘பரிந்துரைக்கப்படுகிறது’. யார் கவனித்தது? யாருக்குக் கிடைக்கவில்லை? யாருக்குப் பரிந்துரை? செயப்பாட்டு வினை நமக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது, யாரையும் சுட்டிக்காட்டாமல் தப்பிக்கலாம். ஆனால் ஆள் மறையும்போது வேலையும் மறைந்துவிடுகிறது. வரைவு முடிந்ததும் ‘பட்ட’, ‘படு’, ‘பெற’ என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆளை உள்ளே கொண்டுவந்தால் வாக்கியம் தானாகச் சுருங்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘இட் வாஸ் அப்சர்வ்ட் தட்’ என்பதைத் தேடி அடித்துவிடுங்கள். அதன் பின்னால் வருவதே முழு வாக்கியமாக இருக்கும்.

ஆளைக் கொண்டுவருவது என்றால் பெயரை அல்ல, பதவியை. அந்த உதவியாளரின் பெயரை எழுதினால் எம்.டி.யின் கண் அங்கேயே நின்றுவிடும், ஒப்புதல் உரிமையை யார் திரும்ப எடுக்காமல் விட்டது என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். அதேபோல ‘மோசடி’ என்ற சொல்லையும் கையில் ஆதாரம் இல்லாமல் தொடாதீர்கள். ‘பணம் யாரிடம் சேர்ந்தது என்று இன்னும் தெரியவில்லை’ என்பது உங்களுக்குத் தெரிந்ததன் எல்லை. எளிமையாக எழுத வேண்டும் என்பதற்காக அந்த எல்லையைத் தாண்டினால், அடுத்த கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

‘நோட்டட்’டுக்கு வருவோம். ‘கட்டுப்பாட்டுச் சூழலை வலுப்படுத்தவும்’ என்று எழுதும் வரை அது வந்துகொண்டேதான் இருக்கும். பரிந்துரையைப் படித்தவர், செய்தேன், செய்ய மாட்டேன், இந்தத் தேதிக்குள் முடியாது என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அப்படி எழுதினால் தப்பிக்க வழி இருக்காது. உதாரணமாக: “உதவியாளரின் ஒப்புதல் உரிமையை ஐ.டி. மேனேஜர் இன்றே நீக்குவார். இனி கணக்கு மாற்றக் கோரிக்கை வந்தால், வெண்டார் மாஸ்டரில் ஏற்கெனவே உள்ள எண்ணில் மட்டுமே கூப்பிட வேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினோம் என்று எழுதி வைத்தால்தான் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஒப்புதல் தருவார். அவர் இதை விதிமுறையில் அக்டோபர் 31க்குள் சேர்ப்பார்.” இதற்கு ‘நோட்டட்’ என்று எழுதினால் படிப்பவர்களுக்கே சிரிப்பு வரும்.

இதோடு வங்கி வசதி ஒன்றையும் நீங்கள் சேர்க்கலாம். ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் இரண்டிலும் முன்பெல்லாம் கணக்கு எண் மட்டும் பொருந்தினால் பணம் போய்விடும், பெயரை யாரும் பார்க்க மாட்டார்கள். பணம் அனுப்பும் முன் கணக்கு வைத்திருப்பவரின் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மாற்றம் செய்யும் நாளில் அந்தத் திரையின் நகலைக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அது போனுக்கு மாற்றாகாது. கிட்டத்தட்ட அதே பெயரில் கணக்குத் தொடங்கியவனை அது பிடிக்காது.

தேதியை நீங்களாகப் போடாதீர்கள். வரைவைக் கொண்டுபோய் துறைத் தலைவரோடு உட்கார்ந்து அவர் வாயாலேயே வாங்குங்கள். அந்தக் கூட்டத்தில் உங்களைக் கரைக்கவும் பார்ப்பார்கள். “32ன்னு போடாதீங்க, சிலன்னு போடுங்க” என்பார்கள். நான் வைத்திருக்கும் கோடு இதுதான். தகவல் தவறு என்று ஆதாரம் காட்டினால் உடனே திருத்துவேன். சொல் காயப்படுத்துகிறது என்றால் சொல்லை மாற்றுவேன். எண்ணை எடுக்க மாட்டேன். அவர்கள் தரப்பில் நியாயம் இருந்தால், ‘அந்த மாதம் அக்கவுண்ட்ஸில் இரண்டு இடங்கள் காலி’ என்பது போல, அதையும் அறிக்கையிலேயே எழுதிவிடுவேன். அது காரணத்தின் ஒரு பகுதிதானே.

சிவப்பு, மஞ்சள், பச்சை தரவரிசை வேண்டுமா என்று யாராவது கேட்டால், இருக்கட்டும். எல்லாமே மஞ்சளாக இருக்கும் அறிக்கை நிறமில்லாத அறிக்கைதான் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

உங்கள் மேலாளரின் ‘ஸ்டாண்டர்ட் ஃபார்மட்’ விஷயம். அவர் சட்டத் தணிக்கையையும் உள் தணிக்கையையும் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். ஆண்டுக் கணக்கில் கையெழுத்திடும் ஆடிட்டரின் அறிக்கைக்கு எஸ்.ஏ. 700 என்ற தரநிலை இருக்கிறது, காரோ 2020 இருக்கிறது. அங்கே சொற்களைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. உள் தணிக்கைக்கு அப்படி ஒரு கட்டாய வடிவம் இல்லை. 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் உள்ள உலகளாவிய உள் தணிக்கைத் தரநிலைகள், அறிக்கை துல்லியமாகவும் தெளிவாகவும் சுருக்கமாகவும் உரிய நேரத்திலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கின்றன. முழுமையும் வேண்டும் என்கின்றன, அதை உங்கள் மேலாளர் பிடித்துக்கொள்வார். முழுமை என்றால் படிப்பவர் முடிவெடுக்கத் தேவையான எதுவும் விடுபடக் கூடாது என்பதுதான். 64 வரிசை அட்டவணையை அதற்காக எம்.டி. கையில் திணிக்க வேண்டியதில்லை.

அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த காலாண்டில் 48 பக்கத்தை அப்படியே விடுங்கள். அதன் மேல் ஒரே ஒரு தாளை வையுங்கள். அதில் அதிகபட்சம் நான்கு விஷயங்கள், நான் மேலே காட்டிய மாதிரி தலைப்பும், யார், என்ன, எப்போது என்ற வரியும் மட்டும். கண்டுபிடிப்புகளின் விளக்கம் அந்தந்தத் துறைத் தலைவருக்கு, நான்கைந்து பக்கத்தில். அட்டவணைகள் எல்லாம் ஷேர்டு ஃபோல்டருக்கு, கேட்டவர் எடுத்துப் பார்க்கட்டும்.

அந்தத் தாளை அனுப்பும் முன், தணிக்கைக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் ரகசியம் காக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். நான் பெரும்பாலும் கம்பெனி செக்ரட்டரியிடம் கொடுப்பேன். ஒரு நிமிடம் கழித்துத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “என்ன நடந்திருக்கு? யார் என்ன பண்ணணும்?” என்று கேளுங்கள். அவர் “ஏதோ வெண்டார் கட்டுப்பாடு” என்றால் திரும்ப எழுதுங்கள். “ரெண்டு பேரை இன்னும் பிடிக்கலையாமே, பிடிச்சாங்களா?” என்று அவர் உங்களையே கேட்டால், அனுப்பிவிடலாம்.